செவிக்கு எழுதும் பொங்கல் வாழ்த்து

தை மாதம் பிறக்கும் சமயத்தில், கிராமத்தில் தனியே இருக்கும் பாட்டிக்கு வெளியூரிலிருந்து வாழ்த்து அனுப்ப விரும்பும் பேரனும் பேத்தியும், கடையில் அச்சிட்டு விற்கும் அட்டையையோ கைப்பேசியில் வந்து குவியும் படங்களில் ஒன்றையோ தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அந்தப் பாட்டிக்கு அது எப்படிப் போய்ச் சேரப்போகிறது என்று சற்று நின்று யோசிப்பது அவசியம். பாட்டி அதைப் படிக்கமாட்டாள். யாராவது படிக்கக் கேட்பாள், அல்லது பதிவு செய்த குரலைக் கேட்பாள். கண்ணுக்காக இயற்றிய வாசகத்தைக் காதுக்கு அனுப்பினால் என்ன நேர்கிறது, காதுக்கென்றே இயற்ற வேண்டுமானால் அதன் லட்சணம் யாது என்னும் இரண்டு கேள்விகளையும், தஞ்சாவூர்ச் சீமையின் ஒரு பொங்கல் கடிதத்தை மையமாக வைத்துக்கொண்டு இங்கே பரிசீலிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இப்படிக் கேட்டு அறியவேண்டியவர்கள் நம்மிடையே இன்னும் எத்தனை பேர் என்பதை ஜனத்தொகைக் கணக்கு ஒருவாறு காட்டும். 1951-ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. அறுபது ஆண்டுகள் கழித்து, 2011-இல், தமிழ்நாட்டில் ஏழு வயது நிரம்பிய பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலோ, மிதித்தும் வயல்வேலைக்கோ தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்கோ உடனே திரும்பியோ வளர்ந்த பெண்கள்தாம் இன்றைய பாட்டிமார்.

இவர்களை எல்லாம் ஒரே வகையாக எண்ணிவிடுவது சரியல்ல. எழுத்தே அறியாதவர்கள் உண்டு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்து, கண்ணில் புரை விழுந்ததனால் படிப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. இவ்விருவருக்கும் நடுவே, இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்து, எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் உண்டு. இவர்களைத்தான் வாழ்த்து எழுதுகிறவர்கள் அதிகமாக மறந்துவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டுகிறவருக்கு முழுக் கடிதமும் பாரம். ஆனால் ஒரே ஒரு வரியைத் தானே படித்துவிட்டால் அவருக்கு உண்டாகும் திருப்தி வேறு எதிலும் கிட்டாது. ஆகையால் கடிதத்தின் தலைப்பில், விரற்கடை உயரமுள்ள எழுத்தில், இரண்டு மூன்று சொற்களை மட்டும் அவர் கண்ணுக்கென்றே எழுதி, மற்றதைப் பிறர் படிக்க விட்டுவிடலாம்.

அந்த இரண்டு மூன்று சொற்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1978-ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பதின்மூன்று எழுத்துக்களின் வடிவம் மாறிற்று. ணா, றா, னா ஆகியவையும், அவற்றின் இனமான ஒகர ஓகார எழுத்துக்களும் முன்பு சுழித்துச் சேர்த்தெழுதப்பட்டன; ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தலைமேல் வளைந்தேறும் கொம்பு இருந்தது. அதற்கு முன்பே படிப்பை விட்டுவிட்டு, பிறகு புத்தகமோ பத்திரிகையோ அதிகம் பார்த்திராத ஒருவர், புதிய ‘னை’யின் முன்னால் தயங்கி நிற்பதில் ஆச்சரியம் இல்லை. ‘அப்பாயி, பொங்கல் கும்பிடு, குட்டி’ என்று எழுதினால் அந்தப் பதின்மூன்றில் ஒன்றுகூட வராது. சின்னக் காரியம்தான், ஆனால் பாட்டி தடைப்படாமல் படித்து முடிப்பதும் பாதியில் தாளைக் கீழே வைப்பதும் இத்தகைய சின்னக் காரியத்தில்தான் இருக்கிறது.

எழுதப்பட்ட செய்தியைக் கேட்டே அறிந்துகொள்வது நம் கிராமங்களுக்குப் புதிய வழக்கமன்று. கால் அணா விலையில் தபால் கார்டு 1879-இல் வந்தது. அடுத்த ஆண்டு மணியார்டர் வந்தது. மணியார்டர் தாளின் அடியில், பணம் பெறுகிறவர் கிழித்து வைத்துக்கொள்வதற்காக விட்டிருந்த துண்டில் நாலைந்து வரி எழுத இடம் இருக்கும். பண்டிகைச் செலவுக்குப் பணம் அனுப்பிய மகன் அந்த இடத்தில் எழுதியதைத் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டிவிட்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டு, ரூபாயை எண்ணிக் கொடுப்பார். இடம் குறுகியதாகையால் வாக்கியங்களும் குறுகியிருந்தன. படிக்கிறவர் வேற்று மனிதர் என்பது தெரிந்திருந்தமையால் ரகசியம் எதுவும் அதில் இராது. காதுக்கு எழுதும் கலையை நம்மவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தது அந்தத் துண்டுத்தாள்தான் என்பது என் அபிப்பிராயம். தந்தியில் அனுப்பிய பண்டிகை வாழ்த்து இதற்கு நேர் எதிரிடை: வாசகங்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார்கள், எண்ணைச் சொன்னால் வாசகம் ஆங்கிலத்தில் வந்து சேரும், படித்துச் சொல்கிறவர் மொழிபெயர்த்தும் சொல்லவேண்டும். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நடுங்கிய வீடுகளில், வாழ்த்து என்று தெரிவதற்குள் ஒரு பாடு அழுது முடித்திருப்பார்கள்.

பிறகு ஒலிநாடா வந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் காஸெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஒரு பக்கம் முப்பது நிமிஷம் ஓடுகிற நாடாவை நிரப்பியே தீரவேண்டும் என்ற எண்ணத்தில் நெடுநேரம் பேசுவதும், பேச்சு வறண்டபோது பாட்டைப் போட்டு நிரப்புவதும் சகஜமாயிற்று. 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் வசதி வந்தபின் இந்த வழக்கம் எல்லாருக்கும் உரியதாகிவிட்டது. நேரே தொலைபேசியில் பேசிவிடலாமே என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும், ஆனால் பேசியது பேச்சோடு போய்விடுகிறது. கடிதத்தையும் பதிவையும் பாட்டி மறுநாள் மறுபடியும் கேட்கலாம், பார்க்க வந்த சம்பந்திக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கேட்கவைக்கலாம். இப்படித் திரும்பக் கேட்பதற்கு இடம் கொடுப்பதே இவ்வகை வாழ்த்தின் தனிப்பட்ட குணம் என்பதால், எழுதும்போதே அதை மனத்தில் கொள்ளவேண்டும்.

இனி அச்சிட்ட அட்டையின் வாசகத்தை எடுத்துக்கொள்வோம். ‘இத்தைத் திருநாளில் தங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கி, மங்கலம் பெருகி, எல்லா நலமும் வளமும் பெற்று நீடூழி வாழ இறைவனை வேண்டும் அன்புப் பேரன்’ என்ற மாதிரி அது அமைந்திருக்கும். கண்ணால் பார்க்கிறவர் அடியிலுள்ள கையெழுத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மேலே போகிறார். காதால் கேட்கிறவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பொங்கி, பெருகி, பெற்று என்று எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்க, இவ்வளவையும் வேண்டுகிறவன் யார் என்பது கடைசிச் சொல்லில்தான் வெளிப்படுகிறது. நம் மொழியில் வினை இறுதியில் வருவது இயல்பாதலால், நீண்ட வாக்கியத்தைக் கேட்கிறவர் முடிவு வரும்வரை எல்லாவற்றையும் நினைவில் சுமக்கவேண்டும். இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது போன்ற வாக்கியங்களைப் பொங்கல் காலையில் ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டுவது தர்மமல்ல.

அட்டை வாசகத்தில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ‘நீடூழி வாழ்க’ என்று வாழ்த்தும் உரிமை நம் சம்பிரதாயத்தில் பெரியவருக்கு உரியது. சிறியவர் செய்வது நமஸ்காரம். பேரன் பாட்டியை வாழ்த்தினால், அவள் கையிலுள்ள காரியத்தை அவன் பிடுங்கிக்கொண்டதாக ஆகிறது. விழுந்து கும்பிட்டு, திருநீறு பூசச் சொல்லிக் கேட்டாலோ, வாழ்த்துகிற ஸ்தானம் அவளிடமே இருக்கிறது. கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ‘நல்லா இருடா சாமி’ என்று அவள் வாய்விட்டுச் சொல்வதற்கு அது இடம் தருகிறது.

அதோடு, நம் பண்டிகைகளில் மனிதர் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டது வாழ்த்து வாசகமே அன்று. அது ஒரு விசாரிப்பு. தீபாவளிக் காலையில் ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று கேட்டார்கள். பொங்கலன்று ‘பால் பொங்குச்சா?’ என்று கேட்டார்கள். ‘பொங்குச்சு’ என்று பதில் வந்தது. கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் அதிலேயே மங்கலம் நிறைந்துவிடும். எழுத்தறியாத பாட்டிக்கு வாழ்த்து எழுதுகிறவன் அறிந்திருக்கவேண்டிய முதல் உபாயம் இது என்றே கருதுகிறேன். கேள்வியைக் கேட்கிற காது சும்மா இருப்பதில்லை. பதில் சொல்ல வாய் வருகிறது, படிக்கிறவர் தானாகவே நிறுத்துகிறார், கடிதம் பேச்சாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு கடிதத்தை அமைத்துப் பார்க்கலாம். கோயமுத்தூரில் வேலையிலிருக்கும் பேரன் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலுள்ள அப்பாவின் அம்மாவுக்கு எழுதுகிறான் என்றும், எதிர்வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் அதைப் படித்துக் காட்டுவாள் என்றும் வைத்துக்கொள்வோம். அட்டைகளில் எல்லாரும் ‘பாட்டி’தான், ஆனால் அந்தப் பக்கத்தில் அவள் அப்பாயி. மதுரைச் சீமையில் அப்பத்தா, திருநெல்வேலியில் ஆச்சி, யாழ்ப்பாணத்தில் அப்பம்மா. பெயர் சொல்லி அழைப்பதைவிடவும் இந்த உறவுச் சொல் காதில் விழுந்ததும் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஆகையால் கடிதம் அதிலேயே தொடங்கவேண்டும், நடுநடுவே அது திரும்பவும் வரவேண்டும்.

அப்பாயி, நான் குட்டி. உங்க பெரிய மகனோட சின்னப் பையன். கோயமுத்தூரிலிருந்து எழுதுறேன்.

அப்பாயி, கும்பிட்டுக்கிறேன். துன்னூறு பூசிவிடுங்க.

இந்த வருஷமும் வாசலில்தான் அடுப்பு வச்சீங்களா? பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?

இங்கே நாங்க மாடியில் வைக்கப்போறோம். புதுப்பானை வாங்கியாச்சு. இதை நீங்க கேட்கிற நேரம் இங்கேயும் பொங்கியிருக்கும்.

மஞ்சள் கொத்து நான்தான் கட்டப்போறேன். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே கட்டுவேன், அப்பாயி.

கூரையில் ஏறின பரங்கிக்கொடி காய்ச்சுதா?

மாசி மகத்துக்கு நான் வர்றேன். ரெண்டு நாள் தங்குறேன்.

இதைப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு துண்டு கரும்பு ஒடிச்சுக் கொடுங்க.

அப்பாயி, நான் குட்டி. கும்பிட்டுக்கிறேன்.

இவ்வளவே. நிதானமாகப் படித்தால் ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆகும். நடுவில் அப்பாயி பேசுவதற்குக் கணக்கில்லை. இதில் ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுதுகிறவன் யார் என்பது மூச்சின் தொடக்கத்திலேயே வருகிறது. செல்லப் பெயர் மட்டும் போதாதென்று, எந்த மகனின் எந்தப் பிள்ளை என்றும் சொல்லப்படுகிறது. பேரப்பிள்ளைகள் பலராயிருக்கும் வீட்டில், படிக்கிறவள் வேறொரு வீட்டுப் பெண்ணாயிருக்கையில், குரலை வைத்து ஆளை அறிய வழியில்லை. இறுதியில் மறுபடி அதே பெயர் வருவது, முதல் வரியைச் சரியாகக் கேளாமல் விட்டிருந்தால் ஈடுகட்டுவதற்காக. கடிதம் முடிந்துவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம். வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். பரங்கிக்கொடியை விசாரித்தது வெறும் சிங்காரமன்று. அந்த வீட்டில் மட்டும் உள்ள ஒரு பொருளைக் கேட்டால்தான், இது எல்லாருக்கும் அனுப்புகிற வாசகமல்ல, தனக்கென்றே எழுதியது என்று அவளுக்கு உறுதிப்படும்.

பால் எந்தப் பக்கம் பொங்கிற்று என்று பார்ப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். கிழக்கே பொங்கி வழிந்தால் விசேஷம் என்பார்கள். ‘பொங்குச்சா’ என்று மட்டும் கேட்டால் ஆமென்ற ஒரு சொல்லோடு பதில் நின்றுவிடக்கூடும். ‘எந்தப் பக்கம்’ என்று கேட்டதனால் அடுப்பு வைத்த இடமும், விறகு ஈரமாயிருந்த கதையும், யார் முதலில் குலவையிட்டார்கள் என்பதும் கூடவே வரும். காலத்தைச் சொல்லும் இடத்திலும் கவனம் வேண்டும். கடிதம் எழுதுவது பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்னால். கேட்பது பண்டிகை நாளில். ‘நாளைக்குப் பானை வாங்கப் போகிறேன்’ என்று எழுதினால் எந்த நாளைக்கு என்று விளங்காது. அதனால்தான் ‘இதை நீங்க கேட்கிற நேரம்’ என்ற பிரயோகம். அவ்வாறே, வரும் நாளை இங்கிலீஷ் தேதியில் எழுதினால் படிக்கிற பெண் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். மாசி மகம் என்றால் எத்தனை நாள் இருக்கிறது என்று அப்பாயியே விரல்விட்டு எண்ணிக்கொள்வாள்.

கடிதத்தில் சில விஷயங்கள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. பணம் எவ்வளவு அனுப்பினான், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, அத்தையோடு இருந்த மனஸ்தாபம் தீர்ந்ததா என்பவை எதுவும் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் உரக்கப் படிக்கும்போது திண்ணையில் நாலு பேர் இருப்பார்கள். பாட்டியின் கௌரவம் ஊராருக்கு நடுவே இருக்கிறது. எழுத்தறியாமையின் பெரிய துன்பமே தன் சொந்த விஷயத்தைத் தனியாக அறிந்துகொள்ள முடியாமற் போவதுதான். ஆகவே அத்தகைய செய்திகளைத் தொலைபேசிக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுவது நியாயம்.

இனிப் படிக்கிறவர் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். வாழ்த்து எழுதுகிறவர்கள் கேட்கிறவரைப் பற்றி நினைக்கும் அளவில் ஒரு பங்குகூட இவரைப் பற்றி நினைப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் பாடப்புத்தகத் தமிழைத் தங்குதடையின்றிப் படிப்பார்கள். ஆனால் அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் இராது, செய்தி வாசிப்பதுபோல் இருக்கும், அப்பாயிக்குப் பாதி விளங்காது. அதற்காகப் பேச்சை அப்படியே எழுத்தில் பெயர்த்து ‘வச்சிருக்கீங்யளா’ என்பதுபோல் எழுதினால், பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் இடறும். பேச்சில் பழகிய சொல்லே ஆனாலும் எழுத்தில் கண்டதில்லை அல்லவா? இரண்டுக்கும் நடுவழி ஒன்று உண்டு. வாக்கிய அமைப்பும் வினைமுற்றும் பேச்சினுடையவாக இருக்கட்டும். பெயர்ச்சொற்கள் எழுத்து வடிவத்தில் இருக்கட்டும். மேற்கண்ட கடிதத்தில் ‘வாசலில்’ என்றும் ‘மஞ்சள்’ என்றும் எழுதி, ‘வர்றேன்’, ‘பொங்குச்சு’ என்று முடித்திருப்பது இதனாலேயே. ஆனால் ‘துன்னூறு’ என்பதை மட்டும் திருத்தவில்லை. அந்தச் சொல்லை அப்பாயி அப்படித்தான் சொல்வாள், அவள் வாய்ச்சொல்லே திரும்பி வந்து அவள் காதில் விழவேண்டும்.

படிக்கிறவருக்கு உள்ள இன்னொரு சங்கடம் ‘நான்’ என்னும் சொல். ‘நான் வர்றேன்’ என்று அந்தப் பெண் படிக்கும்போது, வருகிறவள் அவளா என்று ஒரு கணம் மயக்கம் ஏற்படலாம். அனுபவமுள்ள தபால்காரர்கள் இதற்காக ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘அப்படின்னு எழுதியிருக்கான்’ என்று சேர்த்துச் சொல்வதுண்டு. அதில் தெளிவு உண்டு. ஆனால் பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவே ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறார். வரிக்கு வரி ‘அப்பாயி’ என்ற விளி வந்தால், அயல்வீட்டுப் பெண்ணின் வாயில் அந்தச் சொல்லே பேரனுடைய குரலாகிவிடும்; ‘எழுதியிருக்கான்’ தேவைப்படாது. நிறுத்தவேண்டிய இடத்தில் ‘இங்கே நிறுத்தவும்’ என்று அடைப்புக்குள் எழுதுகிறவர்களும் உண்டு. பிள்ளைகள் அதையும் சேர்த்து உரக்கப் படித்துவிடுவார்கள். கேள்விக்குப் பிறகு இரண்டு வரி அளவு வெற்றிடம் விட்டால் போதும். கண் அடுத்த வரியைத் தேடிப் போகும் அவகாசத்தில் பதில் வந்துவிடும். எழுதி முடித்ததும், அந்த வயதுள்ள ஒரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, முன்னறிவிப்பில்லாமல் படிக்கச் சொல்லிக் கேட்பது நல்ல பரீட்சை. இடறிய சொல்லை மாற்றவேண்டும். நடுவில் மூச்சு வாங்கிய வாக்கியத்தை இரண்டாக வெட்டவேண்டும். சொல்லிக்கொடுக்காமலே கேள்வியைக் கேள்வியாகக் குரலெடுத்துப் படித்தால் அந்த இடம் சரியாக அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கடிதத்தை விட்டுக் குரல் பதிவுக்கு வந்தால், மேலே சொன்ன ஒழுங்கு முழுவதும் அதற்கும் பொருந்தும். கூடுதலாகக் காதின் இயல்பைக் கொஞ்சம் அறிந்துகொள்ளவேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு அதிகமாகவே வாழ்க்கைக்கு இடையூறு செய்யும் அளவுக்குக் காது மந்தமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. முதுமையில் கேட்கும் சக்தி எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவாகக் குறைவதில்லை. வினாடிக்கு 2000 அதிர்வுக்கு மேற்பட்ட கூரிய ஒலிகளே முதலில் மறைகின்றன. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கீழ்ப் பகுதியில் கனத்து நிற்பதால் அவை கேட்கும். ச, ஸ, ஷ முதலியவையும், க, த, ப முதலியவற்றின் தொடக்கத்தில் உள்ள சிறு வெடிப்பும் மங்கும். ஆகையால் பாட்டிக்குப் பேச்சு கேட்கிறது, ஆனால் என்ன சொன்னார்கள் என்று தெரிவதில்லை. பால் என்பதும் கால் என்பதும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. ‘காதில் விழுகிறது, புரியல்லை’ என்று வயதானவர்கள் சொல்லும்போது அது கவனக்குறைவல்ல, அப்படியே உண்மை.

கத்திப் பேசுவது இதற்கு மருந்தாகாது. கத்தும்போது உயிரொலிகள்தாம் இன்னும் பெரிதாகின்றன. மெய்யொலிகள் அவற்றின் கீழ் அமுங்கிப்போகின்றன. சாதாரணக் குரலில், சற்றுத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் வெட்டாமல், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பேசவேண்டும். பின்னணியில் நாதஸ்வரமோ சினிமாப் பாட்டோ சேர்ப்பதைப்போலத் தவறு வேறில்லை. மங்கலத்துக்காகச் சேர்த்தது, மங்கிய காதில் சொல் முழுவதையும் மூடிவிடுகிறது. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் போதுமான தெளிவு கிடைக்கும். கேட்டுத் தெரிந்த சொற்களைப் பாட்டி சந்தர்ப்பத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்வாள்: ‘பொங்குச்சு’ என்பது காதில் பட்டால் அதற்கு முன்னால் வந்தது பால்தான். புதிய கம்பெனியின் பெயரையோ புதுக் குடியிருப்பின் பெயரையோ அப்படி ஊகிக்க முடியாது. அவை வாழ்த்தில் வேண்டாம்.

பதிவு சரியாக அமைந்தும் கேட்கும் இடத்தில் கெடுவதுண்டு. வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கும் பதிவை, தொலைபேசிப் பழக்கத்தில் பாட்டி காதோரம் கொண்டுபோனால், கருவி அதைப் பேச்சு என்று எண்ணி, பெரிய ஒலிபெருக்கியிலிருந்து காதருகே உள்ள சிறிய துளைக்கு ஒலியை மாற்றிவிடும். நன்றாகக் கேட்பதற்காக அவள் செய்த காரியமே கேளாமற் செய்துவிடுகிறது. மேசைமேல் வைத்துக் கேட்கவேண்டும் என்று வீட்டிலுள்ளவர்களிடம் முன்னதாகச் சொல்லிவைக்கவேண்டும். விரல் தவறிப்பட்டு ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ வேகத்தில் ஓடுவதும் உண்டு. ‘ஏன் இந்தப் புள்ள இப்படிப் பறக்குது’ என்று பாட்டி கேட்டால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஒரே நீண்ட பதிவைக் காட்டிலும், அரை நிமிஷப் பதிவுகளாக மூன்றை அடுத்தடுத்து அனுப்புவது மேல். அவை தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நடுவில் வேறு செய்தி வரவிடாமல் மூன்றையும் சேர்த்து அனுப்பவேண்டும். பிடித்த பகுதியை மட்டும் மறுபடி கேட்பதும் அதனால் சுலபமாகும்.

எந்த வேளையில் போய்ச் சேரவேண்டும் என்பதும் யோசிக்கத் தக்கது. தை முதல் நாள் காலையில் அப்பாயி அடுப்படியில் இருக்கிறாள். புகையிலும் ‘பொங்கலோ பொங்கல்’ கூச்சலிலும் யார் கடிதம் படித்தாலும் காதில் ஏறாது. மாட்டுப் பொங்கலன்று கொட்டிலில் வேலை. மூன்றாம் நாளான காணும் பொங்கல்தான், சிறியவர்கள் பெரியவர்களைத் தேடிப் போய்க் கும்பிட்டு, ஆசியும் காசும் வாங்கிக்கொள்கிற நாள். வெளியூரிலிருக்கும் பேரனுடைய கும்பிடும் அன்றைக்கு வருவதே பொருத்தம். கடிதத்தை முன்னதாகவே சேரும்படி அனுப்பிவிட்டு, ‘கன்னுப்பொங்கல் கழிச்சு மறுநாள் படிச்சுக் காட்டு’ என்று எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவைக்கலாம்.

அன்று அந்தப் பெண்ணே, படித்துக் காட்டுவதற்கு முன் தன் வீட்டுக் கைப்பேசியில் பதிவை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டால், கடிதம் படித்ததும், அப்பாயி இடையிடையே சொன்ன பதிலும், திண்ணையிலிருந்தவர்கள் சேர்த்துச் சொன்னதும் ஒன்றாகப் பதிந்து பேரனுக்குத் திரும்பி வரும். பதிவாகப்போகிறது என்பதை அப்பாயியிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அதைக் கேட்கும்போது எந்தக் கேள்விக்கு அவள் உடனே பதில் சொன்னாள், எதை ‘என்ன சொல்றான்?’ என்று திருப்பிக் கேட்டாள், எந்த வரியில் பேசாதிருந்தாள் என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கேட்ட வரி சித்திரை வருஷப்பிறப்புக் கடிதத்தில் வேறு விதமாக எழுதப்படவேண்டும். பரங்கிக்கொடியைப் பற்றி அவள் நெடுநேரம் பேசியிருந்தால், அதிலிருந்தே அந்தக் கடிதத்தைத் தொடங்கலாம்.